அமெரிக்கக் கம்பெனி W-8BEN கேட்டா பயப்படணுமா?

இந்த வாரம் கதை, கவுஜ எதுவும் கிடையாது. ஒரே ஒரு பாரம் பத்தின பதிவு. ஒரு பக்கப் பாரம்தான், ஆனா ஊர்ல உக்காந்து அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்யற நம்ம பசங்க தூக்கத்தைக் கெடுக்கறதுல இதுக்கு நல்ல பேர் உண்டு.

என் சித்தி பையன் கோயமுத்தூர்ல வீட்டுல இருந்தே டிசைன் வேலை பண்றான். டெக்சாஸ்ல ஒரு கம்பெனிக்கு லோகோ, அட்டைப்பெட்டி டிசைன் எல்லாம் முடிச்சுக் குடுத்துட்டு 1,800 டாலருக்கு இன்வாய்ஸ் அனுப்பினான். பணத்துக்குப் பதிலா W-8BEN வந்துச்சு, இதை நிரப்பி அனுப்பினாத்தான் பேமெண்ட்னு ஒரு வரியோட. உடனே எனக்குப் போன். "ண்ணா, இதுல கையெழுத்துப் போட்டா அமெரிக்காவுக்கும் டேக்ஸ் கட்டோணுங்ளா?"

விஷயம் நேர் எதிர். "நான் அமெரிக்கக் குடிமகனும் இல்லை, வரிக்கணக்குப்படி அமெரிக்கவாசியும் இல்லை, இந்தப் பணம் என்னோடது"ன்னு எழுதிக் குடுக்கறதுதான் இந்தப் பாரம். இது ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் போகாது, கேட்ட கம்பெனியோட பைல்லதான் இருக்கும். நாளைக்கு ஆடிட்ல "இந்த ஆளுக்கு ஏன் வரி பிடிக்காம பணம் குடுத்தே?"ன்னு கேட்டா காட்டறதுக்கு அவங்களுக்கு ஒரு ஆதாரம், அவ்ளோதான்.

குடுக்காம இழுத்தடிச்சா என்ன ஆகும்? நீங்க யாருன்னே தெரியலைன்னா உங்களை அமெரிக்கர்னு வெச்சுக்கிட்டு 24 சதவீதம் பிடிக்க விதி இருக்கு. 1,800-ல 432 டாலர் காலி. வெளிநாட்டுக்காரர்னு தெரிஞ்சு, வேலை எங்க நடந்துச்சுன்னு தெரியலைன்னா, அமெரிக்க வருமானம்னு வெச்சுக்கிட்டு 30 சதவீதம். அது 540 டாலர். அப்புறம் அதைத் திரும்ப வாங்க அமெரிக்க ரிட்டர்ன் போட்டு அலையணும்.

இந்த ரெண்டாவது பாயிண்ட்டைத்தான் நிறைய பேர் கவனிக்கறதில்லை. உழைச்சு வாங்கற கூலிக்கு, பணம் எந்த நாட்டுல இருந்து வருதுங்கறது கணக்கு இல்லை. வேலை செஞ்சப்போ ஆள் எந்த மண்ணுல இருந்தார்ங்கறதுதான் கணக்கு. தம்பி முழு வேலையையும் கோயமுத்தூர்லயே செஞ்சான், அதனால அது அமெரிக்க வருமானமே இல்லை. ஆனா "நீ யாரு"ங்கறதை மட்டும்தான் பாரம் சொல்லும், "வேலை எங்க நடந்துச்சு"ன்னு சொல்லாது. அதனால இன்வாய்ஸ்ல இப்படி ஒரு வரி போடச் சொன்னேன்:

```
All services performed in India.
```

இனி கட்டம் கட்டமாப் பார்ப்போம். முதல்ல பேர். நம்ம ஊர்ல இதுவே பெரிய பஞ்சாயத்து. இன்வாய்ஸ்ல இனிஷியலோட ஒரு பேர், பான் கார்டுல அப்பா பேரை விரிச்சு ஒரு பேர், பேங்க்ல வேற ஒண்ணு. பான் கார்டுல இருக்கற மாதிரியே எழுதி, இன்வாய்ஸையும் அதுக்குத் தக்க மாத்திக்கிறது நல்லது. கடைப் பேர் வெச்சிருந்தாலும் தனி ஆளா நடத்தறவங்க சொந்தப் பேர்தான் போடணும். கம்பெனியாப் பதிவு பண்ணியிருந்தா பாரமே வேற, அது W-8BEN-E.

ரெண்டாவது கட்டம் குடியுரிமை, மூணாவது நிரந்தர முகவரி. இங்கதான் தம்பி, "உங்க அமெரிக்கா அட்ரஸைப் போட்டா சீக்கிரம் பணம் வருமாண்ணா?"ன்னு கேட்டான். டேய், வேண்டவே வேண்டாம்! அமெரிக்கவாசி இல்லைன்னு சொல்ற பாரத்துல அமெரிக்க முகவரி இருந்தா சந்தேகம்தான் வரும். தபால் பெட்டி எண்ணும் கூடாது. குடியிருக்கற வீட்டு முகவரிதான்.

5-வது கட்டம் அமெரிக்க வரி எண், அவன்கிட்ட இல்லை, காலியா விட்டாச்சு. 6a-ல பான் நம்பர். 8-வது பிறந்த தேதி, அதுல ஒரு கண்ணி இருக்கு. மாசம் முன்னாடி, தேதி பின்னாடி வரணும். ஆகஸ்ட் 5-ல பிறந்தவன் நம்ம வழக்கப்படி 05-08-னு எழுதினா அது மே 8 ஆயிடும். 08-05-னு எழுதணும்.

அடுத்து Part II, இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தம் பத்தினது. தம்பியோட கூலிக்கு இது தேவையே இல்லை. அமெரிக்க வருமானமா இருந்தாத்தானே ஒப்பந்தத்தைக் காட்டிச் சலுகை கேட்கணும்? அதனால காலி. ஆனா அவன் தானே வரைஞ்ச ஐகான் தொகுப்பு ஒண்ணையும் ஒரு அமெரிக்கத் தளத்துல வித்துட்டிருக்கான். அமெரிக்காவுல பயன்படுத்தறவங்ககிட்ட இருந்து வர்ற பங்கு ராயல்டி. வரைஞ்சது கோயமுத்தூரா இருந்தாலும், பயன்படுத்தற உரிமை அமெரிக்காவுல இருக்கறதால அது அமெரிக்க வருமானம். அந்தத் தளத்துக்குக் குடுக்கற பாரத்துல Part II-ஐ நிரப்பணும். 9-ல இந்தியா, 10-ல ஒப்பந்தத்தோட 12-வது பிரிவு, ராயல்டி, 15 சதவீதம். 200 டாலர் வந்தா 60 பிடிக்கறதுக்குப் பதிலா 30 பிடிப்பாங்க. அதுக்கு 1042-S-னு ஒரு தாள் தருவாங்க. பத்திரமா வெச்சுக்கிட்டா அந்த 30 டாலரை இந்திய வரியில கழிக்கக் கேட்கலாம்.

கடைசியில கையெழுத்து. பொய் சொன்னா தண்டனைன்னு எழுதியிருக்கற இடத்துல போடறோம், அதனால படிச்சுட்டுப் போடணும். அதே மூச்சுல இன்னொண்ணு. சில கம்பெனிக்காரங்க பழக்கதோஷத்துல எல்லாருக்கும் W-9 அனுப்பிடுவாங்க. அது "நான் அமெரிக்கர்"னு உறுதி சொல்ற பாரம். சீக்கிரம் பணம் வரும்னு அதுல கையெழுத்துப் போட்டுடாதீங்க. "எனக்கு W-8BEN தான்"னு திருப்பி அனுப்புங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

2026-ல எந்த நாள் கையெழுத்துப் போட்டாலும் பொதுவா 2029 டிசம்பர் 31 வரை செல்லும். நடுவுல வேற நாட்டுக்குக் குடிபோனாலோ, அமெரிக்கவாசி ஆயிட்டாலோ 30 நாளுக்குள்ள கம்பெனிக்குச் சொல்லணும். அமெரிக்காவுக்கே வந்து உக்காந்து வேலை செஞ்சா அந்த நாட்களோட கூலிக்கு மேல சொன்ன கணக்கு எடுபடாது. விசா தலைவலி தனி.

இதே பாரம் பேர்ல திருட்டு மெயிலும் வருது மக்கா. ஒரிஜினல்ல பாஸ்போர்ட் நம்பர், அம்மாவோட பேர், ஏ.டி.எம். பின் நம்பர் கேட்கற கட்டமே கிடையாது. கேட்டிருந்தா அது டுபாக்கூர். வெத்துப் பாரத்தை irs.gov-ல நீங்களே இறக்கிக்கங்க.

சில ஐரோப்பியக் கம்பெனிங்க கேட்கறது வேற. நாமளே எழுதிக் குடுக்கறது பத்தாது, நம்ம வருமான வரித்துறை குடுக்கற வசிப்பிடச் சான்றிதழ் வேணும்பாங்க. அதுக்கு விண்ணப்பிச்சு வாங்க நாளாகும், அதனால வேலை ஆரம்பிக்கும்போதே கேட்டுக்கங்க.

டிஸ்கி: அமெரிக்காவுல பிடிக்கலைன்னா வரியே இல்லைன்னு அர்த்தம் இல்லை சாமிகளா. இந்தியாவுல வசிக்கறவங்களுக்கு உலகத்துல எங்க இருந்து வந்த வருமானமும் கணக்குதான். அந்த 1,800 டாலரும் ரூபாயா மாறி நம்ம ஊர் ரிட்டர்ன்ல ஏறணும்.