மேலாளருக்கு முதல் படம் மட்டும் போதாது

மென்பொருள் நிறுவனங்களில் யாரும் கேள்வி கேட்காமல் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம் உண்டு. கட்டமைப்பு வரைபடத்தைத் தொழில்நுட்பம் தெரியாத மேலாளரிடம் விளக்க வேண்டி வந்தால், அடுக்கில் மேலே இருக்கும் ஒரே ஒரு படத்தைக் காட்டிவிட்டு மற்றவற்றை மூடிவைத்துவிடுவார்கள். "அவருக்கு இது போதும்" என்பது இவர்கள் எண்ணம். "டெக்னிக்கல் விவரமெல்லாம் எனக்கு எதற்கு?" என்பது அவர் எண்ணம். இரு தரப்பும் மனமொத்துச் செய்துகொள்ளும் இந்த ஏற்பாடு மிகத் தவறானது. மேலாளர் எடுக்க வேண்டிய முடிவுகளுக்கு ஆதாரமான செய்தி எந்தப் படத்தில் இருக்கிறதோ, அந்தப் படத்தைத்தான் அவரிடமிருந்து மறைக்கிறோம்.

சைமன் பிரவுன் உருவாக்கிய சி4 முறையை இன்று பல குழுக்கள் பின்பற்றுகின்றன. அதில் நான்கு அடுக்குகள். முதலாவது கான்டெக்ஸ்ட் படம்: நம் மென்பொருள் ஒரே பெட்டி, அதைப் பயன்படுத்தும் மனிதர்களும், அது பேசும் பிற அமைப்புகளும் சுற்றிலும் இருக்கும். இரண்டாவது கன்டெய்னர் படம்: அந்த ஒரே பெட்டியைத் திறந்தால் உள்ளே தனித்தனியாக ஓடும் செயலிகளும் தரவுத்தளங்களும் தெரியும். மூன்றாவது காம்போனென்ட் படம்: அவற்றில் ஒன்றை மட்டும் திறந்து, அதற்குள் எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது என்று காட்டுவது. நான்காவது நிரலின் உள்ளமைப்பு. அது மேலாளருக்கு வேண்டாம், பெரும்பாலும் நிரலாளருக்கே வேண்டாம். முதல் படம் எல்லோருக்கும் உரியது, இரண்டாவது தொழில்நுட்பம் அறிந்தவர்களுக்கு உரியது என்றுதான் பிரவுனே வகுத்திருக்கிறார். அவர் முறையை மதிக்கிறேன். இந்தப் பாகுபாட்டை ஏற்கவில்லை. ஏன் என்பதை அவருடைய எடுத்துக்காட்டைக் கொண்டே சொல்கிறேன்.

அவர் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் எடுத்துக்காட்டு ஒரு கற்பனை வங்கியின் இணைய வங்கிச் சேவை. அதன் கான்டெக்ஸ்ட் படம் மிக எளியது. வாடிக்கையாளர் ஒருவர், நடுவில் இணைய வங்கிச் சேவை, அதிலிருந்து ஓர் அம்பு வங்கியின் மெயின்பிரேமுக்கு, இன்னொன்று மின்னஞ்சல் அமைப்புக்கு. கணக்கு விவரங்கள் மெயின்பிரேமிலிருந்து வருகின்றன. வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய அஞ்சல் மின்னஞ்சல் அமைப்பு வழியாகப் போகிறது. எந்த மேலாளரும் இதை இரண்டு நிமிடத்தில் புரிந்துகொள்வார், தலையாட்டுவார், கூட்டம் முடிந்துவிடும்.

இப்போது ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள். வரும் ஞாயிறு அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை பராமரிப்புக்காக மெயின்பிரேமை நிறுத்தப்போகிறார்கள். வாடிக்கையாளர்களுக்கு என்ன அறிவிப்பு அனுப்புவது? முழுச் சேவையும் நிற்கும் என்றா, ஒரு பகுதி மட்டும் நிற்கும் என்றா? உதவி மையத்தில் அந்த நேரத்தில் எத்தனை பேரை அமர்த்துவது? இவை நிரலாளர் எடுக்கும் முடிவுகள் அல்ல. மேலாளர் எடுக்க வேண்டியவை. அவர் கையில் இருப்பதோ முதல் படம் மட்டும். அதில் மெயின்பிரேம் நின்றால் நடுப்பெட்டி என்ன செய்யும் என்று தெரிய வழியே இல்லை. ஆகவே முழுச் சேவையும் நிற்கும் என்று அறிவிப்பார். அந்தப் படத்தை மட்டும் பார்த்தவர் வேறு எப்படி அறிவிப்பார்?

இரண்டாவது படத்தைத் திறந்தால் செய்தி வேறு. உள்ளே ஐந்து பெட்டிகள். ஓர் இணையச் செயலி. அது வாடிக்கையாளரின் உலாவிக்கு அனுப்பிவைத்து அங்கேயே ஓடும் ஒரு திரைச் செயலி. ஒரு மொபைல் செயலி. திரைச் செயலி, மொபைல் செயலி இரண்டின் கோரிக்கைகளையும் வாங்கிச் செய்யும் ஏபிஐ செயலி. கடைசியாக ஒரு தரவுத்தளம். அந்தத் தரவுத்தளத்தின் கீழே அதில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறது: பயனர் பதிவு விவரங்கள், ஹாஷ் செய்த கடவுச்சொற்கள், யார் எப்போது உள்நுழைந்தார்கள் என்ற பதிவுகள். அதாவது உள்நுழைவுக்கு மெயின்பிரேம் தேவையே இல்லை. சேவை தன் சொந்தத் தரவுத்தளத்தைப் பார்த்தே ஆளை அடையாளம் காண்கிறது. கடவுச்சொல்லை மறந்தவர் புதிது அமைத்துக்கொள்வதற்கும் தரவுத்தளமும் மின்னஞ்சலும் போதும். நிற்கப்போவது கணக்கு விவரமும் பணப்பரிமாற்றமும்தான். முழுச் சேவையும் நிற்கும் என்று அனுப்பியிருந்தால் அது பொய்யான அறிவிப்பாகியிருக்கும்.

இதே படம் இன்னொன்றையும் சொல்கிறது. மொபைல் செயலி வாடிக்கையாளரின் கைபேசியில் இருக்கிறது, ஏபிஐ செயலி நம் சர்வரில் இருக்கிறது. ஏபிஐயில் செய்யும் திருத்தம் அன்றே நடைமுறைக்கு வரும். மொபைல் செயலியில் செய்த திருத்தமோ, வாடிக்கையாளர் புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளும் வரை அவரைச் சென்றடையாது. ஒரு வசதியை எந்தத் தேதியில் விளம்பரப்படுத்தலாம் என்று முடிவு செய்பவருக்கு இது தெரியாவிட்டால் வேறு எது தெரிந்து என்ன பயன்?

ஆனால் ஞாயிறு அதிகாலைக் கதை இத்துடன் முடியவில்லை. உள்நுழைவும் கணக்கு விவரமும் ஒரே ஏபிஐ பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அந்தப் பெட்டி ஜாவாவில், ஸ்பிரிங் எம்விசி கொண்டு எழுதப்பட்டது என்று படத்திலேயே குறித்திருக்கிறது. அத்தகைய செயலி பெரும்பாலும் டாம்கேட் என்ற சர்வரில் ஓடும். மாற்றாமல் விட்டால் டாம்கேட் ஒரே நேரத்தில் கவனிக்கும் கோரிக்கைகள் 200. அந்த நேரத்தில் வினாடிக்கு 10 பேர் கணக்கு விவரம் கேட்கிறார்கள் என்று கொள்வோம். மெயின்பிரேம் பதில் சொல்லாது. ஒவ்வொரு கோரிக்கையும் 30 வினாடி காத்திருந்துவிட்டுத்தான் கைவிடும் என்றால், 20 வினாடியிலேயே 200 இடமும் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு உள்நுழைய வருபவருக்கும் இடமில்லை. மெயின்பிரேமை நாடவே தேவையில்லாத உள்நுழைவும் அதனோடு சேர்ந்து முடங்கும். காத்திருப்பை 2 வினாடியாகக் குறைத்தால் எந்த நேரத்திலும் 20 இடம்தான் பிடிபடும். மீதி 180 உள்நுழைவோருக்குக் காலியாக இருக்கும்.

அந்தக் குறைப்பை எங்கே செய்வது? இதற்குத்தான் மூன்றாவது படம். ஏபிஐ செயலியைத் திறந்தால் ஆறு பகுதிகள். உள்நுழைவு, கடவுச்சொல் மாற்றம், கணக்குச் சுருக்கம் ஆகிய மூன்றும் முன்வரிசையில். பாதுகாப்பு, மின்னஞ்சல், மெயின்பிரேம் தொடர்பு ஆகிய மூன்றும் பின்வரிசையில். மெயின்பிரேமுக்குப் போகும் அம்பு ஒரே ஒரு பகுதியிலிருந்துதான் கிளம்புகிறது. எனவே காத்திருப்பு வரம்பை அந்த ஓர் இடத்தில் மாற்றினால் போதும். ஒருவர் இதற்கு ஒரு மாத வேலை என்று மதிப்பிட்டால், "ஓர் இடம்தானே, ஏன் ஒரு மாதம்?" என்று கேட்கும் உரிமையை இந்தப் படம் மேலாளருக்குத் தருகிறது. அதே அம்பு ஆறு பகுதிகளிலிருந்தும் கிளம்பியிருந்தால் ஒரு மாதம் நியாயம் என்று அவரே ஒப்புக்கொள்வார். மூன்றாவது படத்தை எப்போதும் காட்ட வேண்டியதில்லை. ஒரு மாற்றத்தின் செலவைப் பற்றிய பேச்சு வரும்போது, அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் காட்டுங்கள்.

உள்ளே காட்டினால் மேலாளர் தேவையில்லாமல் தலையிடுவார் என்று நிரலாளர்கள் அஞ்சுகிறார்கள். எந்த மொழியில் எழுதுவது என்பதில் தலையிட்டால் அது அத்துமீறல்தான். ஆனால் எது நின்றால் எது நிற்கும் என்று கேட்பது அவருடைய வேலை. இந்த இரண்டையும் குழப்பி, கேள்வியே வராமல் தடுப்பது நம்மைக் காப்பாற்றாது. படத்தைக் காட்டாத குழுவிடம் தவறான அறிவிப்பும் நிறைவேற்ற முடியாத தேதியும்தான் திரும்பி வரும்.

அவருக்குப் புரியாது என்ற வாதம் அதைவிட மோசம். புரியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் படத்தைக் காட்டும் விதம். முதல் படத்தில் வலப்பக்கம் இருந்த மெயின்பிரேம் இரண்டாவது படத்தில் கீழே போயிருக்கும், பெயரும் சுருங்கியிருக்கும். பார்ப்பவருக்கு இது வேறொரு மென்பொருளோ என்று தோன்றுவதில் வியப்பில்லை. வெளி அமைப்புகளை மூன்று படங்களிலும் அதே இடத்தில், அதே பெயரில் வையுங்கள். திறந்த பெட்டியின் எல்லையைப் புள்ளிக்கோட்டால் காட்டுங்கள். ஒவ்வோர் அம்பின் மேலும் அது என்ன செய்கிறது என்று எழுதுங்கள். "பயன்படுத்துகிறது" என்று மட்டும் எழுதிய அம்பு எதையும் சொல்வதில்லை. பிறகு ஒரே ஒரு வாடிக்கையாளரின் ஒரே ஒரு செயலை, கடவுச்சொல் மாற்றுவதையே எடுத்துக்கொண்டு, மூன்று படங்களிலும் விரல் வைத்துக் காட்டுங்கள். உணவகம், சமையலறை என்று உவமை தேடாதீர்கள். சமையல்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன ஆகும் என்று அவர் கேட்பார். அதற்கும் ஏபிஐக்கும் ஒரு தொடர்பும் இருக்காது.

சில தவறான புரிதல்கள் நிச்சயம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஐந்து பெட்டி என்றால் ஐந்து சர்வர் அல்ல. எத்தனை எந்திரங்களில் ஓடுகிறது என்பதைக் காட்டத் தனி வரைபடம் உண்டு. பெட்டியின் அளவு வேலையின் அளவைக் காட்டாது. எந்த அம்பு முதலில் நடக்கும் என்ற வரிசையும் இவற்றில் இல்லை. படத்தில் இருப்பதெல்லாம் நிரலில் அப்படியே இருக்கிறது என்றும் நம்பிவிட முடியாது. மேலே சொன்ன காத்திருப்பு வரம்பு எந்தப் படத்திலும் இல்லை. அதை நிரலாளரிடம் கேட்டு, மெயின்பிரேம் தொடர்பைச் சோதனைச் சூழலில் துண்டித்துப் பார்த்துத்தான் அறிய முடியும். ஆனால் அப்படிக் கேட்க வேண்டும் என்று மேலாளருக்குத் தோன்றுவதே இரண்டாவது படத்தைப் பார்த்த பிறகுதான்.

அவருக்குப் புரிந்ததா என்று தெரிந்துகொள்ள "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். ஆம் என்றுதான் சொல்வார். ஒரு பெட்டியைக் கையால் மூடி, "இது நின்றால் உங்களுக்கு முதலில் யாரிடமிருந்து போன் வரும்?" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் அடுத்த படத்துக்குப் போங்கள். சொல்ல முடியாவிட்டால் அதே படத்தில் இன்னொரு செயலை விரல் வைத்துக் காட்டுங்கள்.

மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே பெட்டியும் நான்கு அம்பும் கொண்ட படத்தைக் காட்டி, "அவ்வளவுதான் சார்" என்று யாராவது முடித்தால் எழுந்துவிடாதீர்கள். "அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். அதைக் கேட்கத் தொழில்நுட்பம் படித்திருக்க வேண்டியதில்லை.