விமர்சனத்துக்கு ‘ஒரு பார்வை’ எண்டு தலைப்பு வைக்கிறதை நிப்பாட்டுவம்

‘ஒரு பார்வை’ என்று தலைப்பு வைக்கிற விமர்சகர் தன் தீர்ப்பை ஒளிக்கிறார். நாங்களும் ஒளித்திருக்கிறோம். அதனால் இந்தக் குற்றச்சாட்டை எங்களிலிருந்தே தொடங்குகிறோம்.

போன வருடம் எங்களில் ஒருவர் ஒரு நாவலுக்கு விமர்சனம் எழுதினார். நாவலின் பெயர், அதற்குப் பக்கத்தில் ‘ஒரு வாசக அனுபவம்’. முதல் பந்தி முழுக்க ஆசிரியர் எங்கே பிறந்தார், எந்த ஆண்டு புலம்பெயர்ந்தார், இதற்கு முன் என்னென்ன எழுதினார் என்ற விபரம். நாவல் பிற்பாதியில் படுத்துவிடுகிறது என்கிற விசயம் ஏழாம் பந்தியில், அதுவும் ‘சற்றுத் தொய்வு ஏற்படுவதாகத் தோன்றுகிறது’ என்ற வடிவில் வந்தது. எங்கட பட்ச்சில ஒரு பிள்ளை அதை போனில் பாதிவரை வாசித்துவிட்டு 1500 ரூபா கொடுத்துப் புத்தகத்தை வாங்கிவிட்டா. இரண்டு கிழமை கழித்து வந்து, “உங்களுக்கு உண்மையா இது பிடிச்சதோ?” எண்டு கேட்டா. இல்லை, எங்களுக்கும் பெரிசாப் பிடிக்கேல்ல எண்டம். “அப்ப அதை ஏன் எழுதேல்ல?”

எழுதினோம்தான். அவ கண்ணில் படாத இடத்தில் எழுதினோம்.

ஏன் அப்படி? இங்கே எழுதுகிறவரும் விமர்சிக்கிறவரும் ஒரே வெளியீட்டு விழாவில் ஒரே பிளேன்ரீயைக் குடிக்கிறவர்கள். நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டும். ஆகவே தலைப்பை யாரையும் நோகடிக்காத ஒரு சொல்லால் மூடிவிடுகிறோம்: ‘ஒரு பார்வை’, ‘என் பார்வையில்’, ‘முன்வைத்துச் சில குறிப்புகள்’. இவற்றை எந்தப் புத்தகத்தின் பெயருக்குப் பின்னாலும் ஒட்டலாம். நல்லதுக்கும் ஒட்டும், கூடாததுக்கும் ஒட்டும். எதற்கும் பொருந்துகிற தலைப்பு வாசகருக்கு எதையும் சொல்லவில்லை.

கேள்வித் தலைப்பும் இதே தந்திரந்தான். ‘வெற்றியா, தோல்வியா?’ என்று கேட்கிறவருக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டே எங்களிடம் கேட்கிறார். மறுபக்கத்தில் ‘சுத்தக் குப்பை’ என்று வைக்கிறவர்களும் இருக்கினம். தீர்ப்புத் தெளிவு, சரி. எது குப்பை, கதையா, நடிப்பா, மொழியா? அதுவும் பாதி வேலைதான்.

தலைப்பைத் தாண்டினால் முதல் வசனம். இங்கே தமிழுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது, அதைப் பற்றி ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. தமிழில் வினை கடைசியில் வரும். நாங்கள் என்ன நினைக்கிறோம் என்பது அந்த வினையில்தான் இருக்கும். அதற்கு முன்னால் ‘பிறந்து’, ‘வளர்ந்து’, ‘குடியேறி’, ‘எழுதிய’, ‘வெளிவந்த’ என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால் வாசகர் நாற்பது சொல்லைக் கடந்துதான் வினைக்கு வருவார். வந்து பார்த்தால் அங்கே இருப்பது ‘வாசிக்கும் வாய்ப்புக் கிட்டியது’. அட, கிட்டினதுதானே விமர்சனம் எழுதுறீர்!

வினை தீர்ப்பாகவே இருந்தாலும் அதன் வாலில் ‘எனலாம்’, ‘என்றே சொல்லத் தோன்றுகிறது’, ‘என்பது எனது தாழ்மையான கருத்து’ என்று ஒன்றைக் கட்டிவிடுவோம். ‘முடிவு பொருந்தவில்லை’ என்பதும் ‘முடிவு பொருந்தவில்லையோ என எண்ணத் தோன்றுகிறது’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதை எழுதியவர் சண்டை வந்தால் ஓடுவதற்கு வழி வைத்திருக்கிறார்.

ஒரு படத்தை எடுத்துச் செய்துபார்ப்போம். ‘தீபன்’ உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஜாக் ஓடியார் இயக்கி, ஷோபாசக்தி நடித்து, 2015 இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய பிரெஞ்சுப் படம். ஒருவரையொருவர் தெரியாத ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி, இறந்துபோன மூன்று பேரின் ஆவணங்களில் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு பிரான்சுக்குப் போகிறார்கள். பாரிஸ் புறநகர்த் தொடர்மாடியொன்றில் அவன் பராமரிப்பாளனாக வேலை செய்கிறான். அந்தப் பொய்க் குடும்பம் மெதுவாக உண்மையாகத் தொடங்குகிறது. கடைசியில் படம் திடீரென்று போதைப்பொருள் கும்பலோடு மோதுகிற சண்டைப் படமாக மாறிவிடுகிறது. எங்கட தீர்ப்பு: குடும்பத்துக்காகப் பார்க்க வேண்டிய படம், முடிவு அதைக் கெடுக்கிறது.

முதலில் வருகிற தலைப்பு, ‘தீபன்: ஒரு பார்வை’. கிழித்துப் போடுவோம். அடுத்தது, ‘தீபன்: ஈழ அகதி வாழ்வைப் பேசும் பிரெஞ்சுப் படம்’. இது ஏமாற்றும் தலைப்பு, ஏனென்றால் பார்க்கத் தெளிவாக இருக்கிறது. ஆனால் படம் எதைப் பற்றியது என்றுதான் சொல்கிறது, எப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை. கூடுதலானோர் இந்தப் படியிலேயே நின்றுவிடுகிறோம். மூன்றாவது, ‘தீபன்: நம்பவைக்கும் குடும்பம், நம்பமுடியாத முடிவு’. இப்போது தீர்ப்பும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது.

வரிசையையும் கவனியுங்கள். தமிழில் கடைசியாக வருவதுதான் காதில் நிற்கும். ‘முடிவு சறுக்கினாலும் குடும்பம் நம்பவைக்கிறது’ என்றால் பார்க்கச் சொல்கிறோம். ‘குடும்பம் நம்பவைத்தாலும் முடிவு சறுக்குகிறது’ என்றால் வேண்டாம் என்கிறோம். ஒரே விசயங்கள், எதிரான தீர்ப்புகள். நாங்கள் பார்க்கச் சொல்கிறபடியால் மேலே உள்ள தலைப்பையும் திருப்ப வேண்டும்: ‘தீபன்: முடிவு சறுக்கினாலும் அந்தக் குடும்பத்தை நம்பலாம்’. கலவையான தீர்ப்பைச் சொல்லவே முடியாது என்கிறவர்களுக்கு இதுதான் பதில். எதைக் கடைசியில் வைப்பது என்று தீர்மானித்தால் போதும்.

முதல் வசனம்: ‘தீபனைப் பாருங்கள்.’ அவ்வளவுதான். இரண்டு சொல்லில் வினை வந்துவிட்டது. அடுத்த வசனத்தில் காரணம்: ‘பொய்யாகச் சேர்ந்த மூன்று பேர் ஒரே மேசையில் சாப்பிடப் பழகுவதை இந்தப் படம் அவசரப்படாமல் காட்டுகிறது.’ மூன்றாவதில் குறை. கான் விருது நாலாம் வசனத்துக்குப் போகட்டும். அது நடுவர்களின் தீர்ப்பு, எங்களுடையது அல்ல.

சரிவந்திருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான் எங்களிடம் உண்டு. படம் பார்க்காத ஒருவருக்குத் தலைப்பையும் முதல் வசனத்தையும் மட்டும் வாசித்துக் காட்டி, “இவை பாக்கச் சொல்லுகினமோ, வேண்டாம் எண்டுகினமோ, ஏன்?” எண்டு கேளுங்கள். அவர் யோசிக்கத் தொடங்கினால் திரும்ப எழுதுங்கள்.

தீர்ப்பை முதலே சொன்னால் மிச்சத்தை ஆர் வாசிப்பினம் என்று எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. முடிவு பிழை என்று சொன்னவுடன் படத்தை நேசிக்கிறவர் கோபத்தோடு கீழே வருவார், ஏன் பிழை என்று பார்க்க. அவரை விட நல்ல வாசகர் கிடைக்கமாட்டார். நேரமில்லாதவர் தீர்ப்பை எடுத்துக்கொண்டு போகட்டும், அது அவருடைய உரிமை. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ போன்ற நூலை யாரும் இப்படித் தொடங்கச் சொல்லவில்லை. அது ஆய்வு, அதன் வாசகர் இருந்து படிக்க வந்தவர். மதிப்புரையின் வாசகர் கையில் காசை வைத்துக்கொண்டு கடைவாசலில் நிற்கிறார்.

அந்த நாவல் விமர்சனத்தை இந்த மாதம் திரும்ப எழுதினோம். நாவலின் பெயருக்குப் பக்கத்தில் இப்போது இருப்பது: ‘முதல் நூறு பக்கம் உயிரோடு இருக்கிறது, மிச்சம் செய்தித்தாள்’. ஆசிரியர் எங்களோடு கதைக்கிறதில்லை. அந்தப் பிள்ளை மட்டும் அடுத்து எதை வாங்கலாம் எண்டு கேட்டிருக்கிறா.