ரவுண்ட்ஸில் சொன்னதும் கேஸ் ஷீட்டில் எழுதுவதும்: எங்கள் நிலைப்பாடு

குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வட்டாரத்தில் உள்நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் கூடிப் பேசி எடுத்த நிலைப்பாடு இது. காலை ரவுண்ட்ஸில் மூத்த மருத்துவர் படுக்கை அருகே நின்று மனதில் பட்ட வரிசையில் பேசிக்கொண்டே போகிறார். ட்யூட்டி டாக்டரோ ஹவுஸ் சர்ஜனோ அதைக் கேஸ் ஷீட்டில் ஒழுங்காக எழுத வேண்டும். அப்படி எழுதும்போது அவர் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பதே எங்கள் முன் இருந்த கேள்வி.

எங்கள் நிலைப்பாடு நான்கு:

1. ரவுண்ட்ஸ் குறிப்பு பேசிய வரிசையில் இருக்கக் கூடாது. ‘சோப்’ வடிவின் நான்கு பகுதிகளில் இருக்க வேண்டும்: நோயாளி சொன்னது (எஸ்), கண்டதும் அளந்ததும் (ஓ), கணிப்பு (ஏ), திட்டம் (பி).
2. எழுதுபவர் வரிசையை மாற்றலாம், திரும்பச் சொன்னதை வெட்டலாம். பதிவேட்டில் ஏற்கெனவே உள்ள அளவுகளை, எடுத்த நேரத்தோடு சேர்க்கலாம். கணிப்பையோ மருந்தளவையோ தானாகச் சேர்க்கக் கூடாது. விடுபட்டது கேள்வியாகவே குறிப்பில் நிற்க வேண்டும்.
3. கணிப்பு பிரச்சினை வாரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பிரச்சினைக்கும் அதன் திட்டம் அடுத்தே வர வேண்டும்.
4. பேசிய மருத்துவர் படித்துக் கையொப்பமிடும்வரை அது வரைவு மட்டுமே.

வடிவம் எதற்கு

அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, மருத்துவப் பதிவு முழுவதையும் நோயாளியின் பிரச்சினைகளைச் சுற்றி அமைக்க வேண்டும் என்று வாதிட்டது. சோப் குறிப்பு அந்த முறையின் ஒரு பகுதி. பிரச்சினைப் பட்டியலை விட்டுவிட்டு நான்கு தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அது படிவம் நிரப்பும் வேலையாகிவிடும். எங்கள் மூன்றாவது நிலைப்பாட்டுக்குக் காரணம் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டு

எழுதும் முறையை விளக்குவதற்காக நாங்கள் அமைத்த மாதிரி இது. எந்த ஒரு நோயாளியின் கதையும் அல்ல. வார்டில் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. எல்லோரும் படிக்க வசதியாக இங்கே தமிழில் தருகிறோம். மூத்த மருத்துவர் சொல்கிறார்:

“இந்தம்மா முந்திரித் தோப்புல வேலை செய்றவங்க, காய்ச்சல் எட்டு நாளாச்சு. நேத்து நைட்லேருந்து இருமல், மூச்சு வாங்குதுன்னு சொல்றாங்க. பிளேட்லெட் எவ்வளவு? எழுபத்தெட்டாயிரம், சரி. டெங்கு என்எஸ்1 நெகட்டிவ், ஆனா லேட்டா எடுத்தது, ஐஜிஎம் அனுப்புங்க. பென்சிலின் அலர்ஜி… இல்ல, அது பக்கத்து பெட். சாச்சுரேஷன் தொண்ணூத்தொண்ணு, ஆக்சிஜன் வைங்க. வலது பக்கம் அடியில கிரெப்ஸ் கேக்குது. கிரியேட்டினின் ஒன் பாயின்ட் டூ… அது நேத்தைக்கு, இன்னைக்கு ஒன் பாயின்ட் செவன். இங்க பாருங்க, இடுப்பு மடிப்புல எஸ்கார். ஸ்க்ரப்தான் இது, லங்ஸுக்குப் போயிடுச்சு. டாக்சியை ஐவிக்கு மாத்துங்க, அசித்ரோவும் சேருங்க. எக்ஸ்ரே எடுங்க. சுகர் இருநூத்தி எண்பது, மெட்ஃபார்மின் நிறுத்திட்டு இன்சுலின் போடுங்க. ஃப்ளூயிட் ஜாஸ்தி ஏத்த வேணாம். மூச்சு இன்னும் மோசமானா ஜிப்மருக்கு அனுப்பணும்.”

பேச்சில் பெரிய குறை எதுவும் இல்லை. நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே யோசிப்பவர் இப்படித்தான் பேசுவார். ஆனால் இதை அப்படியே எழுதினால், இரவு பத்து மணிக்கு வரும் செவிலியர் பக்கத்துப் படுக்கையின் அலர்ஜியையும் நேற்றைய கிரியேட்டினினையும் இவருடையதாகப் படிக்கக்கூடும். மாற்றி எழுதிய வரைவு இது:

*நோயாளி சொன்னது:* காய்ச்சல் எட்டாம் நாள். நேற்று இரவு முதல் இருமல், மூச்சு வாங்குதல். முந்திரித் தோப்பில் வேலை.

*கண்டதும் அளந்ததும்:* காலை 8 மணிக்குச் செவிலியர் சார்ட்டின்படி வெப்பம் 102 டிகிரி, நாடி 114, இரத்த அழுத்தம் 100/60, மூச்சு நிமிடத்துக்கு 28. ஆக்சிஜன் வைக்கும் முன் சாச்சுரேஷன் 91 சதவீதம். வலது நுரையீரலின் அடிப்பகுதியில் கிரெப்ஸ். இடுப்பு மடிப்பில் எஸ்கார். பிளேட்லெட் 78,000. கிரியேட்டினின் 1.7 (நேற்று 1.2). சர்க்கரை 280. டெங்கு என்எஸ்1 நெகட்டிவ்.

*கணிப்பும் திட்டமும்:*

- பிரச்சினை 1: எஸ்கார் கண்டதன் அடிப்படையில் ஸ்க்ரப் டைபஸ், நுரையீரல் பாதிப்புடன். டாக்சிசைக்ளின் மாத்திரையிலிருந்து நரம்பு வழிக்கு; அசித்ரோமைசின் கூடுதலாக. ஆக்சிஜன். மார்பு எக்ஸ்ரே. திரவம் அதிகம் ஏற்ற வேண்டாம். மூச்சு மோசமானால் ஜிப்மருக்கு.
- பிரச்சினை 2: டெங்கு இன்னும் விலக்கப்படவில்லை, என்எஸ்1 தாமதமாக எடுக்கப்பட்டது. டெங்கு ஐஜிஎம் அனுப்பவும்.
- பிரச்சினை 3: நீரிழிவு, சர்க்கரை 280. மெட்ஃபார்மின் நிறுத்தம். இன்சுலின்.
- பிரச்சினை 4: கிரியேட்டினின் உயர்வு. கணிப்பும் திட்டமும் சொல்லப்படவில்லை.

*மருத்துவருக்குக் கேள்விகள்:* இரண்டு ஆன்டிபயாடிக்குகளின் அளவும் நாட்களும்? இன்சுலினின் வகையும் அளவும்? ‘மூச்சு மோசமானால்’ என்பது எந்த எண்ணில்? திரவம் 24 மணி நேரத்தில் எவ்வளவு? ஸ்க்ரப் ஐஜிஎம் அனுப்பலாமா? கிரியேட்டினினுக்கு என்ன செய்வது?

இதில் நடந்தவை

மருத்துவர் தாமே திருத்திக்கொண்ட இடங்களில் கடைசியாகச் சொன்னது மட்டும் நிற்கிறது. பக்கத்துப் படுக்கையின் அலர்ஜி இந்தத் தாளில் சுவடே இல்லாமல் போய்விட்டது. ‘பென்சிலின் அலர்ஜி இல்லை’ என்றுகூட எழுதவில்லை, ஏனெனில் இவரிடம் அப்படி யாரும் கேட்டதாகப் பேச்சில் இல்லை. நேற்றைய கிரியேட்டினினை வெட்டாமல் அடைப்புக்குறிக்குள் வைத்தோம். உயர்வுதான் செய்தி என்பதால் அது வேண்டும்.

முதல் பிரச்சினையில் ‘நுரையீரல் பாதிப்புடன்’ என்ற இரு சொற்களைக் கவனியுங்கள். எழுதுபவர் அவற்றை விட்டுவிட்டு வெறும் ‘ஸ்க்ரப் டைபஸ்’ என்று எழுதியிருந்தால், இரண்டாவது ஆன்டிபயாடிக் ஏன் என்று மாலை வரும் டாக்டருக்குப் புரியாது. தேவையில்லை என்று நிறுத்தவும் செய்யலாம். தீவிர ஸ்க்ரப் டைபஸில் இந்த இரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று இந்திய மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. திட்டத்தின் காரணம் கணிப்பில் இருக்க வேண்டும். கணிப்பு நோயின் பெயரோடு நின்றுவிட்டால் திட்டம் ஆதரவின்றி நிற்கும்.

நான்காவது பிரச்சினைதான் எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் எடுத்தது. கிரியேட்டினின் 48 மணி நேரத்தில் 0.3 உயர்ந்தாலே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்று கொள்ளும் அளவுகோல் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. இங்கே ஒரே நாளில் 0.5 உயர்ந்திருக்கிறது. ஹவுஸ் சர்ஜனுக்கு அது தெரியும். அதையே கணிப்பாக எழுதிவிடலாம் என்றனர் சிலர். நாங்கள் அதை ஏற்கவில்லை. அவர் எழுதினால் மூத்த மருத்துவர் அதைக் கவனித்து முடிவெடுத்துவிட்டார் என்றே எல்லோரும் படிப்பார்கள். உண்மையில் அவர் எண்ணைச் சொல்லிவிட்டு எஸ்காரை நோக்கிப் போய்விட்டார். ஒழுங்காக எழுதிய வாக்கியம் அந்த விடுபடலை மறைத்துவிடும். கேள்வி அதைக் காட்டிக்கொடுக்கும். ஹவுஸ் சர்ஜனின் அறிவு கேள்வியாக வரட்டும்: “கிரியேட்டினின் 0.5 உயர்ந்திருக்கு சார், ஏ.கே.ஐ.ன்னு எழுதலாமா, யூரின் அவுட்புட் பாக்கலாமா?”

இந்த மாதிரியில் மருத்துவர் மருந்தளவுகளைத் தம் கையால் எழுதுகிறார். ஆக்சிஜன் வைத்தும் சாச்சுரேஷன் 92-க்குக் கீழே போனாலோ, மூச்சு 30-ஐத் தாண்டினாலோ தன்னை அழைத்துவிட்டு ஜிப்மருக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கச் சொல்கிறார். நான்காவது பிரச்சினைக்கு ‘திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு, மணிக்கொருமுறை சிறுநீர் அளவு, நாளைக் காலை கிரியேட்டினின்’ என்று சேர்க்கிறார். ஆறு கேள்விகளுக்கும் பதில் எழுதிய பிறகே கையொப்பம்.

எங்கே தவறுகிறது

பெரும்பாலான தவறுகள் மூன்று வகை. நேற்றைய குறிப்பைப் பார்த்து இன்றைக்கும் எழுதுவது முதல் வகை. வெப்பமும் நாடியும் இரண்டு நாள் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். திட்டத்தில் இருக்கும் மருந்துக்குக் கணிப்பில் பிரச்சினையே இல்லாமல் போவது இரண்டாவது. ஒவ்வொரு மருந்தின் மீதும் விரலை வைத்து ‘இது எந்த எண்ணுக்கு?’ என்று கேட்டால் உடனே தெரிந்துவிடும். ‘தொடர்ந்து கவனிக்கவும்’ என்று எழுதுவது மூன்றாவது. எதை, எத்தனை மணிக்கொருமுறை, எந்த எண்ணில் யாரைக் கூப்பிடுவது என்று இல்லாத வரியைத் திட்டமாக நாங்கள் ஏற்கவில்லை.

சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி சொல்கிறோம். ரவுண்ட்ஸில் இல்லாத செவிலியரிடம் குறிப்பைக் கொடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: இவருக்கு என்ன என்று நினைக்கிறார்கள்? இன்றிரவு என்ன செய்ய வேண்டும்? எப்போது டாக்டரை எழுப்ப வேண்டும்? ஒன்றுக்கு அவரால் பதில் சொல்ல முடியாவிட்டாலும் குறிப்பைத் திருப்பி எழுத வேண்டும்.

எல்லைகள்

நிமிடத்துக்கு நிமிடம் மாறும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சோப் குறிப்பு அட்டவணைக்கு மாற்றாகாது. அங்கே மணிவாரி சார்ட்தான் முதன்மை. அவசரத்தில் படிப்பவருக்காகக் கணிப்பையும் திட்டத்தையும் தாளின் மேலே எழுத விரும்பும் வார்டுகளுக்கு எங்கள் மறுப்பு இல்லை. நான்கு பகுதிகளும் கலக்காமல் இருந்தால் போதும். மருத்துவர் உறுதியில்லாமல் சொன்னதை உறுதியாக மாற்றவும் கூடாது. ‘இருக்கலாம்’ என்றால் ‘இருக்கலாம்’ என்றே எழுத வேண்டும்.

நாங்கள் கேட்பது

ரவுண்ட்ஸ் முடிந்த பின், அடுத்த வேலைக்குப் போகும் முன், அன்றைய வரைவுகளைப் படித்துக் கேள்விகளுக்குப் பதில் எழுத மூத்த மருத்துவருக்கு நேரம் ஒதுக்க வேண்டும். கேள்வி கேட்ட ஹவுஸ் சர்ஜனையும் செவிலியரையும் கடிந்துகொள்ளும் பழக்கம் நிற்க வேண்டும். அவர்கள் கேட்கப் பயந்தால் வெற்றிடங்கள் ஊகத்தால் நிரம்பும்.

இந்தத் தாள் வார்டுக்குள்ளேயே நின்றுவிடுவதும் இல்லை. கடலூருக்கோ புதுச்சேரிக்கோ நோயாளி அனுப்பப்பட்டால் அங்குள்ளவர் முதலில் படிப்பது இதைத்தான். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி உள்நோயாளியின் பதிவை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தன் உடம்பைப் பற்றி மருத்துவர் உண்மையில் நினைத்தது என்ன, எழுதியவர் ஊகித்தது என்ன என்று பிரித்தறிய அந்த நோயாளிக்கு வேறு வழியே கிடையாது. அதனால்தான் கையொப்பமில்லாத வரைவையும் பதிலில்லாத கேள்வியையும் கோப்பில் சேர்க்க நாங்கள் மறுக்கிறோம். மற்ற வார்டுகளும் மறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.