சர்டிபிகேட் போட்டோவும் ஒரு பழைய கணக்கும்

போட்டோவில் என் கையில் இருப்பது என்பிடிஇஎல் சர்டிபிகேட். பாடம் 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைதான்', ஐஐடி ரோப்பர் நடத்தியது, 12 வாரம். ரோல் நம்பரைக் கட்டைவிரலால் மறைத்திருக்கிறேன், மார்க்கை மறைக்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஒளிப்பானேன்!

சேர்வதும் வீடியோ பார்ப்பதும் இலவசம். சர்டிபிகேட் வேண்டுமென்றால் 1000 ரூபாய் கட்டி, நேரில் போய் 3 மணி நேரப் பரீட்சை எழுத வேண்டும். வாராவாரம் வீட்டிலிருந்து அனுப்பும் அசைன்மென்ட்டுக்கு 25 மார்க், பரீட்சைக்கு 75. பங்குனி உத்திரச் சேர்த்தி சேவைக்கு வந்த உறவினர் கூட்டத்தில் ஒரு வாரம் அசைன்மென்ட் விட்டுப்போனது. (யார் யார் என்று உங்களுக்கே தெரியும்!) ஆனால் 12-இல் சிறந்த 8-ஐத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், பிழைத்தேன்.

அசைன்மென்ட்டில் 22, பரீட்சையில் 42, ஆக 64. 60-ஐத் தாண்டியதால் 'எலீட்' என்று அச்சடித்துத் தந்திருக்கிறார்கள். நீங்கள் அதைப் பார்க்காதீர்கள், உள்ளே பிரித்துப் போட்டிருப்பதைப் பாருங்கள். நூற்றுக்கு மாற்றினால் வீட்டில் 88, ஹாலில் 56.

ஏன் இந்த வித்தியாசம்? ஒரு கேள்வி சொல்கிறேன். இது என்ன விடை தரும்?

```
total = 0
for i in range(1, 10):
    total = total + i
print(total)
```

1 முதல் 10 வரை கூட்டினால் 55. முப்பது வருஷம் போர்டில் எழுதிய கணக்கு, கண்ணை மூடிக்கொண்டு 55-ஐ டிக் செய்தேன். சரியான விடை 45. `range(1, 10)` 9-லேயே நின்றுவிடும், 10-ஐத் தொடாது. இதே தப்பை வீட்டிலும் செய்திருக்கிறேன். ஆனால் அங்கே ஓட்டிப் பார்த்தேன், 45 வந்தது, திருத்திக்கொண்டேன். ஹாலில் ஓட்டிப் பார்க்க முடியாது. ரஃப் ஷீட்டில் `i`, `total` என்று இரண்டு பத்தி போட்டு ஒவ்வொரு வரியாக எழுதிப் பார்த்திருக்க வேண்டும். நானோ அவசரப்பட்டேன்.

இந்த 88-ம் 56-ம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. வீட்டுக்கணக்கில் நிறைய, பரீட்சையில் குறைவு என்றால் காப்பி என்றே நான் முடிவு கட்டுவேன். உங்களில் சிலருக்கு அது ஞாபகம் இருக்கும். எட்டாம் வகுப்பில் ஒரு பையனை நோட்டோடு எழுப்பி, "யாருடையது இது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அவனும் வீட்டில் போட்டுப் பார்த்து, விடை சரிபார்த்து, திருத்தித்தான் எழுதியிருப்பானோ என்னவோ. நான் விசாரிக்கவே இல்லை.

தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் போடு. நம்பர் மாறவில்லை. ஸ்ரீரங்கத்தில் அதே வீடுதான்.