ஓடாத மேகம், உடையாத அலை

சென்ற இதழில் நண்பர் எழுதிய 'அசையும் புகைப்படம்' கட்டுரைக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதைப் படித்துவிட்டு நம் வட்டத்தில் நாலைந்து பேர் தலையாட்டியதைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. அவர் வாதத்தின் சாரம் இதுதான்: புகைப்படம் என்பது உறைந்த காலம், எனவே அது ஒருவகைச் சாவு, இன்றோ கைபேசியில் இருக்கும் படத்தின் மேகத்தின்மேல் விரலால் ஒரு அம்புக்குறி இழுத்துவிட்டால் மேகம் ஓடுகிறது, ஆறு பெருகுகிறது, நின்றுபோன காலத்தை மறுபடி ஓடவிடும் சிருஷ்டிச் செயல் இது. சான்றாக, குஸ்தாவ் லெ கிரே 1857இல் பிரான்சின் தென்கரையில் ஸேத் என்ற ஊரில் எடுத்த 'பேரலை' படத்தை அப்படி அசைத்து, முடிவில்லாமல் சுழலும் நான்கு வினாடித் துண்டாக எங்களுக்கெல்லாம் அனுப்பியும் இருந்தார். 'உயிர் வந்துவிட்டது' என்றார்கள். எந்த உயிர், எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் ஒரு விஷயத்தை ஒதுக்கிவிடுகிறேன். பழைய மேதையின் படத்தில் கை வைக்கலாமா என்ற புனிதக் கவலை எனக்கு இல்லை. லெ கிரேயே கை வைத்தவர்தான். அந்தக் காலத்துக் கொலோடியன் தகடு நீல ஒளிக்கு மிகையாகக் கூசும். கடலுக்குச் சரியான அளவு ஒளி காட்டினால் வானம் வெறும் வெள்ளையாக வெந்துபோகும். வானத்துக்கு அளந்தால் கடல் கருத்துவிடும். ஆகவே அவர் வானத்தைத் தனித் தகட்டிலும் கடலைத் தனித் தகட்டிலும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். 'பேரலை'யை உற்றுப் பார்த்தால் தொடுவானத்தில் மேகங்கள் கத்தரித்தாற்போல் முடிவது தெரியும். அங்கேதான் இரண்டு தகடுகள் சந்திக்கின்றன. ஒரே வானத்தை வேறுவேறு கடல்களுக்கு மாட்டியவர் அவர். எனவே 'அவர் செய்த பொய்யைத்தானே நானும் செய்கிறேன்' என்று நண்பர் சொல்லக்கூடும். இல்லை. லெ கிரே இரண்டு கணங்களைச் சேர்த்து ஒரு கணத்தை உண்டாக்கினார். நண்பர் கையில் இருந்த ஒரு கணமும் போய்விட்டது. எப்படி என்பதைச் சொல்ல அந்த வித்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நம்மவர்களுக்கு யந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதில் ஏனோ ஒரு கூச்சம். பரவசப்படுவதில் மட்டும் கூச்சமில்லை.

நடப்பது இதுதான். அசைய வேண்டிய இடத்தில் அம்புகள் போடுகிறோம். அசையக்கூடாத இடத்தை, இங்கே தொடுவானத்தை, விரலால் பூசி மூடுகிறோம், அல்லது சுற்றிலும் புள்ளிகளை ஆணிபோல் அடித்துவிடுகிறோம். அம்புக்கும் ஆணிக்கும் நடுவிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகர வேண்டும் என்பதை நிரல் கணக்கிட்டுக்கொள்கிறது. பிறகு படத்தை ஒரு ரப்பர்த் தாள் போல இழுக்கிறது. இதுவரை சிரமம் இல்லை. சிரமம், இழுத்துக்கொண்டே போக முடியாது என்பதில். கொஞ்ச தூரம் போனதும் மேகம் ஜவ்வாகி நீளும். வந்த திசையில் புதிய மேகம் எதுவும் இல்லை, ஏனென்றால் படத்துக்கு வெளியே வானமே இல்லை. திடுமென்று பழைய இடத்துக்குத் திருப்பினாலோ, மேகம் தாவிக் குதித்தது கண்ணில் அடிக்கும்.

இதற்குக் கண்டுபிடித்த உபாயம் சாமர்த்தியமானது, ஒப்புக்கொள்கிறேன். படத்துக்கு இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்கிறார்கள். சுற்று 4 வினாடி, மேகம் போக வேண்டிய தூரம் 60 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரதி, தன் உண்மையான இடத்துக்கு 30 புள்ளி பின்னாலிருந்து புறப்பட்டு 30 புள்ளி முன்னால் போய் முடிகிறது. புறப்படும்போதும் முடியும்போதும் அது முழுக்க மறைந்திருக்கும். நடுவழியில், அதாவது தன் சொந்த இடத்தைக் கடக்கும் கணத்தில், முழுக்கத் தெரியும். இரண்டாவது பிரதியும் இதே பயணத்தைத்தான் செய்கிறது, ஆனால் 2 வினாடி தள்ளி. ஒன்று மறைந்து பின்னுக்குத் தாவும்போது மற்றது முழு வெளிச்சத்தில் நிற்கும். தாவலை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு பேர் மாறிமாறி ஒரே வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதுபோல.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2ஆவது வினாடியில் திரையில் இருப்பது முதல் பிரதி மட்டுமே. அது இருப்பதோ தன் அசல் இடத்தில். 4ஆவது வினாடியில் இரண்டாவது பிரதி மட்டுமே. அதுவும் அசல் இடத்தில். ஆக, ஒவ்வொரு 2 வினாடிக்கும் ஒருமுறை திரையில் தோன்றுவது லெ கிரேயின் அசையாத படம், அதே படம். மேகம் 60 புள்ளி போனது என்று கண் நம்புகிறது. எந்த மேகமும் எங்கும் போகவில்லை. நண்பர் 'சாவு' என்று பெயரிட்டாரே, அதே நிலைப்படம்தான் 2 வினாடிக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. காலம் ஓடவில்லை, விக்கிக்கொண்டிருக்கிறது. வேறொரு கணித வழியில் இதே மயக்கத்தை உண்டாக்கிக் காட்டிய ஃப்ரீமன், அடெல்சன், ஹீகர் என்ற மூவர் 1991இல் தங்கள் ஆய்வுக் கட்டுரைக்கு 'இடம்பெயராத அசைவு' என்ற பொருள்படத் தலைப்பிட்டார்கள். விஞ்ஞானிகளுக்கு இருந்த சொல் நேர்மை நம் இலக்கியக்காரர்களுக்கு இல்லை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். நண்பர் அனுப்பிய துண்டையே எடுத்துக்கொண்டு, மேகத்தின் விளிம்பில் ஒரு கூர்மையான முனையைத் தேர்ந்து அதை மட்டும் கண்ணால் தொடருங்கள். அது கொஞ்ச தூரம் போய்க் கரையும். கரையும்போதே, பின்னால் அதே முனை மறுபடி முளைத்திருக்கும். இரண்டு பிரதிகளும் பாதிப்பாதியாகத் தெரியும் நேரத்தில் ஒன்று 15 புள்ளி முன்னாலும் மற்றது 15 புள்ளி பின்னாலும் நிற்பதால் மேகத்தின் கோடுகள் மங்கும். அசல் இடத்துக்கு வந்ததும் மறுபடி கூர்மையாகும். தெளிவு, மங்கல், தெளிவு, மங்கல் என்று படம் மூச்சு வாங்குவதுபோல் ஒரு துடிப்பு. இந்தத் துடிப்பைத்தான் நம் ரசிகர்கள் உயிர் என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது என் சந்தேகம்.

மேகமாவது போகட்டும். கடல்தான் விஷயம்.

ஓடும் நீர் இரண்டு வகை. பாறைமேல் விழுந்து ஓடும் ஆற்றில் வடிவம் அப்படியே நிற்கிறது, நீர் அதன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் கல்லுக்குப் பின்னால் நேற்று இருந்த சுழிப்பு இன்றும் இருக்கும். அந்த இடத்தில் நீரின் வேகமும் திசையும் ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே, இடத்துக்கு ஒரு அம்பு என்று நிரந்தரமாக வரைந்துவிடுவது ஆற்றுக்குப் பொருந்தும். ஆற்றை இப்படிச் சுழலவிடுவதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆறே கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. கடலில் கதை தலைகீழ். அங்கே வடிவம் போகிறது, நீர் நிற்கிறது. கரைக்கு வெளியே மிதக்கும் ஒரு நெற்று அலை வரும்போது ஏறி, கொஞ்சம் முன்னால் போய், இறங்கி, கொஞ்சம் பின்னால் வந்து, கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். அலை அதைக் கடந்து போய்விடும். கரையருகே ஆழம் குறையக் குறைய அடி தேங்கி முடி முந்துகிறது, கவிழ்ந்து உடைகிறது. ஒரே இடத்தில் இந்த வினாடி மேலேறும் நீர் அடுத்த வினாடி கீழிறங்கும். அங்கே நிரந்தரமான அம்பு எதுவும் கிடையாது.

லெ கிரேயின் படம் அந்தக் கவிழும் கணத்தைப் பற்றியது. நண்பர் செய்ததை நானும் என் கைபேசியில் செய்து பார்த்தேன். கரை நோக்கி அம்புகள் போட்டேன். அலையின் முடியிலிருந்து நுரை கரைப்பக்கம் வழுக்கி வந்தது, கரைந்தது, மறுபடி முடியில் தோன்றி மறுபடி வழுக்கியது. ஆனால் அலையின் வளைவு இருந்த இடத்தில் இருந்தபடியே நின்றது. நுரை ஓடுகிறது, அலை விழவில்லை. அணைக்கட்டின் மதகில் நீர் வழிவதுபோல் இருந்தது. கடலை ஆறாக்கிவிட்டேன்! அம்பை நீளமாக்கினால் வளைவும் கூடவே ஊர்ந்து, ரப்பர் நீள்வதுபோல் நீண்டு, மங்கி, பழைய இடத்துக்கே வந்தது. தொடுவானத்தில் வேறு சங்கடம். பூச்சு கொஞ்சம் மேலே ஏறினால் கடலுக்குச் சற்று மேலே ஒரு கீற்று மேகம் மட்டும் ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. கீழே இறங்கினாலோ தொடுவானமே நெளிகிறது. லெ கிரே இரண்டு தகடுகளை இணைத்த அதே கோட்டில் நானும் இடறினேன். ஆனால் அவருக்கு அந்தக் கோட்டில் ஒரு தடவை ஜெயித்தால் போதும். எனக்கு ஒவ்வொரு படச்சட்டத்திலும் ஜெயிக்க வேண்டியிருந்தது.

'உங்கள் விரலுக்கு வரவில்லை என்றால் யந்திரக் கற்றலுக்கு வரும்' என்று நண்பர் பதில் வைத்திருப்பார். 2021இல் ஹோலின்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முறையில் அம்பு போட ஆள் தேவையில்லை. ஓடும் நீர்களின் வீடியோக்களில் பயின்ற நிரல், படத்தைப் பார்த்து அம்புகளைத் தானே ஊகிக்கிறது. இழுத்த இடத்தில் விழும் ஓட்டைகளை, முன்னோக்கி நகர்த்திய படத்தையும் பின்னோக்கி நகர்த்திய படத்தையும் கலந்து நிரப்புகிறது. விளைவு நம் கைபேசித் துண்டுகளைவிடப் பன்மடங்கு நேர்த்தி. ஆனாலும் இடத்துக்கு ஒரு மாறாத அம்பு என்ற அஸ்திவாரம் அதேதான். அருவி, புகை, ஆறு ஆகியவற்றுக்குத்தான் அது என்று அதன் கர்த்தாக்களுக்குத் தெரியும். சுற்றின் இரு முனையிலும் அசல் படமே வந்து நிற்கிறது.

இதற்கு மாறாக, 2011இல் ஜேமி பெக்கும் கெவின் பர்கும் 'சினிமாகிராஃப்' என்று பெயரிட்டுச் செய்தவற்றில் அசைவது உண்மையில் படம்பிடிக்கப்பட்ட அசைவு. வீடியோ எடுத்து, ஒரு பகுதியை மட்டும் ஓடவிட்டு மற்றதை நிறுத்திவிட்டார்கள். அங்கே ஒரு துணியின் நுனி காற்றில் ஆடினால், அந்தக் காற்று வீசியிருக்கிறது, காமிரா சாட்சி. அதுவும் சுழலத்தான் செய்கிறது, அதிலும் முனைகளைப் பொருத்தத் தந்திரம் உண்டு. ஆனால் அங்கே நிறுத்தப்பட்டது எது, ஓடுவது எது என்பதில் ஒரு தேர்வு இருக்கிறது. நண்பர் இரண்டையும் ஒரே மூச்சில் புகழ்ந்தது அவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதைக் காட்டுகிறது. ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் போட்டுவிட்டுக் கவிதை நகர்ந்துவிட்டதாக நினைக்கிறவர்கள் நம்மிடையே உண்டு என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

கொலோடியன் தகட்டில் ஓர் அலையை நிறுத்திப் பிடிப்பதே அந்நாளில் அரிய காரியம். அந்தப் படத்தைப் பார்க்கிற எவன் மனத்திலும் அடுத்த கணம் அலை விழுந்துவிடுகிறது. விழும் அந்த வேலையைப் பார்க்கிறவனிடம் லெ கிரே விட்டுவைத்தார். நண்பர் அடுத்த இதழில் பதில் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். காலம், சாவு, உயிர், சிருஷ்டி பற்றியெல்லாம் எழுதட்டும். கூடவே இதையும் சொல்லட்டும்: அவர் அனுப்பிய நான்கு வினாடியில் எந்த வினாடியில் அலை விழுகிறது?