அறை வாடகையும் மின்மானியும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடையாத மாணவர் திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் வீட்டறைகளைத் தேடிச் செல்கின்றனர். வாடகைப் பேச்சு வாசலில் நின்றபடியே முடிந்துவிடுகிறது. மனக்கசப்புத் தொடங்குவது முதல் மின்கட்டணப் பட்டியல் வரும்போதுதான்.

இருவர் தங்கும் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். 75 வாற்று மின்விசிறி இரவில் பத்து மணிநேரம் சுழன்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 22 அலகு செலவாகும். நாளொன்றுக்கு இருபது நிமிடமே கொதிக்கும் 1500 வாற்று மின்கேத்தலோ 15 அலகை விழுங்கிவிடும். விசிறியை நிறுத்தச் சொல்லும் வீட்டார் கேத்தலைக் கவனிப்பதில்லை. விளக்கையும் சேர்த்தால் அறையின் பங்கு நாற்பது அலகளவில் நிற்கும்.

வீட்டார் தமக்கென 110 அலகு செலவிடுவோராயின், மொத்தம் 150 ஆகிறது. நம் நாட்டில் அலகு கூடக்கூட அலகின் விலையும் படிப்படியாக ஏறுகிறது. ஆதலால் மேலதிகமாக வந்த நாற்பது அலகும் உயர்ந்த விலைக்குரியவை. "நீங்கள் வந்ததனால்தானே இவ்வளவு கூடிற்று?" என்று வீட்டார் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், அறையை வாடகைக்கு விட்டு வருவாய் பெறுவோர் அவரே. ஏற்றம் முழுவதையும் மாணவர் தலையில் சுமத்துவது முறையன்று. அறைக்கெனச் சிறியதொரு மின்மானியைப் பொருத்தி, மொத்தக் கட்டணத்தில் பதினைந்தில் நான்கு பங்கை அறவிடுவதே நேர்மையென்பது எமது கருத்து. அது தொல்லையெனின், மின்சாரத்தையும் உள்ளடக்கி ஒரே வாடகையாக முதலிலேயே சொல்லிவிடலாம்.

படலை பூட்டும் நேரமும் முதலிலேயே சொல்லப்பட வேண்டியது. முதியோர் உறங்கும் வீட்டில் இரவு ஒன்பது மணிக் கட்டுப்பாட்டை எவரும் குறைகூறார். ஆனால், ஆய்வுகூட வகுப்பு முடிந்து வரும் மாணவியை ஆறு மணிக்குள் வரச் சொல்வது, அறையைத் தந்துவிட்டுப் படிப்பைப் பறிப்பதாகும்.

இன்னொன்று முற்பணம். ஓராண்டு வாடகையை ஒருமிக்க வாங்கிக்கொண்டு, கொப்பித்தாளில் கையொப்பமிட்டுக் கொடுக்கும் வழக்கம் உண்டு. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. அத்தாள் பணம் கைமாறியதற்குச் சான்றாகலாம். ஓராண்டுக்கு அறையை உறுதிசெய்யாது. இடைநடுவில் எழும்பச் சொன்னால் மாணவனின் கையில் எஞ்சுவது, செலவழிந்துபோன பணத்தைக் கேட்டு அலையும் வேலையே. மாதாமாதம் பணம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்குபவன் அதிகம் இழப்பதற்கில்லை. விலகுவதாயினும் விலக்குவதாயினும் ஒரு மாத முன்னறிவித்தல் வேண்டுமென்பதை முதற் பற்றுச்சீட்டிலேயே எழுதிக்கொள்ளலாம்.