விடை தெரிந்த பின் பிறந்த வினா

கற்றறிந்தோரிடையே, அதிலும் புள்ளிவிவரங்களோடு தினந்தோறும் பழகுகிறவர்களிடையே, ஓர் அபிப்பிராயம் வேரூன்றிக் கிடக்கிறது. தரவு தரவுதான், அதைப் பார்ப்பதற்கு முன்பே ஒருவன் ஒரு கருதுகோளை மனத்தில் கொண்டிருந்தானா, பார்த்த பிறகு கொண்டானா என்பது அவனுடைய சொந்த சரித்திரமே அன்றி, அக்கருதுகோளின் மெய் பொய்யோடு சம்பந்தமுடைய விஷயமன்று என்பதே அது. மேற்பார்வைக்கு நியாயமாகத் தோன்றுவதாலும், ஆராய்ச்சி செய்கிறவனுக்கு மிகவும் அநுகூலமாக இருப்பதாலும், இதை ஆட்சேபிக்கிறவர்கள் அற்ப விதிகளைக் கட்டிக்கொண்டு அழும் குமாஸ்தாக்களாகவே கருதப்படுகிறார்கள். குமாஸ்தாவின் கட்சியில் நின்றுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வாதத்தைக் காற்றில் நடத்துவதைவிட ஒரு மருந்தின் கதையை எடுத்துக்கொள்வது நலம். அம்லோடிபின் என்பது ரத்த அழுத்தத்துக்காக நம் நாட்டில் லட்சக்கணக்கானோர் தினமும் விழுங்கும் சாதாரண மாத்திரை. இருதயம் கடுமையாகப் பலவீனமுற்ற நோயாளிகளுக்கு இம்மருந்து நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்று கண்டறிய, 'பிரெய்ஸ்' என்ற பெயரால் ஒரு பரிசோதனை அமெரிக்காவில் நடத்தப்பட்டு, அதன் முடிவு 1996இல் வெளியாயிற்று. 1,153 நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மருந்தும், மற்றப் பாதிக்கு வெற்று மாத்திரையும் குலுக்கல் முறையில் வழங்கப்பட்டன. மரணமோ ஆபத்தான இருதயக் கோளாறோ நேர்ந்தவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 42 பேர், மருந்துக்காரர்களில் 39 பேர். இவ்வளவு சிறிய வேற்றுமை தற்செயலாகவே ஏற்படக்கூடியது. ஆகையால், எந்தக் கேள்வியைக் கேட்பதற்காக அந்தப் பரிசோதனை நடந்ததோ அந்தக் கேள்விக்கு, மருந்தால் பயன் நிரூபணமாகவில்லை என்பதே விடை.

ஆனால் நோயாளிகள் ஆரம்பத்திலேயே இரண்டு வகுப்பாகப் பிரித்துக் குலுக்கப்பட்டிருந்தார்கள். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் அடைபட்டதனால் பலவீனம் நேர்ந்தவர்கள் ஒரு வகுப்பு. அடைப்பு இல்லாமல் வேறு காரணங்களால் நேர்ந்தவர்கள் மற்றொரு வகுப்பு. அம்லோடிபின் ரத்தக் குழாய்களை விரித்துக் கொடுப்பதாகையால், பயன் கிடைப்பதானால் அடைப்புள்ளவர்களுக்கே கிடைக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். வந்த முடிவோ நேர் விரோதமாக இருந்தது. அடைப்புள்ளவர்களில் இரு தரப்பிலும் மரண விகிதம் ஏறக்குறைய ஒன்றே. அடைப்பில்லாதவர்களில் வெற்று மாத்திரை உண்ட 212 பேரில் 74 பேர் இறந்திருக்க, மருந்து உண்ட 209 பேரில் இறந்தவர்கள் 45 பேர்தான். மருந்துக்குச் சக்தியே இல்லாமல் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வருவதற்குச் சாத்தியம் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கணக்குச் சொல்லிற்று. இதற்குக் காரணம் கற்பிக்கவும் வெகுகாலம் ஆகவில்லை. இம்மருந்து ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்னும் அழற்சிப் பொருளைக் குறைப்பதாக அடுத்த ஆண்டே ஒரு கட்டுரை வந்தது. குழாய் அடைபடாத இருதயம் இவ்வழியாக நன்மை பெற்றிருக்கலாம் என்ற விளக்கமும் கூடவே எழுந்தது.

இவ்விடத்தில் நிதானமாக நின்று, அந்த விளக்கம் எப்படி உண்டாயிற்று என்பதைப் பார்க்க வேண்டும். அடைப்புள்ளவர்கள் பிழைத்திருந்தால், "குழாயை விரிக்கும் மருந்தல்லவா, இதில் என்ன ஆச்சரியம்!" என்று சொல்லியிருப்போம். இரு வகுப்பாரும் சிறிது சிறிது பிழைத்திருந்தால் மருந்தின் பொதுவான குணத்தைப் பாராட்டியிருப்போம். அடைப்பில்லாதவர்கள் பிழைத்ததனால் அழற்சிப் பொருளைத் தேடிப் போனோம். எந்த முடிவு வந்தாலும் அதற்கேற்ற காரணம் கையில் தயாராகக் கிடைக்குமானால், வந்த முடிவோடு அந்தக் காரணம் பொருந்துகிறது என்பது அதற்கு ஒரு சாட்சியமே அன்று. பொருந்தும்படியாகச் செய்யப்பட்டதுதானே அது! தோற்றுப்போகும் அபாயத்துக்கு ஒரு தடவையும் உட்படாத கருதுகோளை, வெற்றி பெற்றது என்று எந்த வாயால் சொல்வது?

பரிசோதனையை நடத்தியவர்கள் யோக்கியர்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் இதை ஒரு சாத்தியம் என்று மட்டும் கூறி, புதிய நோயாளிகளைக் கொண்டு இரண்டாவது பரிசோதனையை நடத்தினார்கள். இம்முறை அடைப்பில்லாதவர்கள் மட்டுமே 1,654 பேர். முன் பரிசோதனையில் இவ்வகுப்பில் இருந்தவர்களைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. மருந்து உண்டவர்களில் இறந்தோர் நூற்றுக்கு 33.7, வெற்று மாத்திரை உண்டவர்களில் 31.7. மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தடுப்பதாகத் தோன்றிய குணம், புதிய மனிதர்களிடம் போனவுடன் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிட்டது.

அப்படியானால் அந்த ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கு பொய்யா? கணக்கு பொய்யன்று, அது வேறொரு கேள்விக்கு உரியது. இன்ன வகுப்பாருக்கு இன்ன பயன் கிடைக்கும் என்று முன்னதாகக் குறித்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் அக்கணக்கு அப்படியே செல்லும். எங்கே வித்தியாசம் பெரிதாக இருக்கிறதோ அங்கே விரலை வைத்து, "இதைத்தான் கேட்டேன்" என்று சொல்லும்போது அது செல்லாது. வழக்கமாக ஆராய்ச்சியாளர்கள், தற்செயலாக வருவதற்கு நூற்றில் ஐந்துக்கு மேல் வாய்ப்பில்லாத வித்தியாசத்தைக் கவனிக்கத்தக்கதாகக் கொள்கிறார்கள். சக்தியே இல்லாத ஒரு மருந்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், ஏமாறும் வாய்ப்பு நூற்றில் ஐந்து. ஆண், பெண், முதியவர், இளையவர், நீரிழிவு உள்ளவர், இல்லாதவர் என்று ஒன்றையொன்று சாராத 20 கேள்விகளைக் கேட்டால், ஒன்றிலேனும் ஏமாறும் வாய்ப்பு நூற்றில் 64 ஆகிவிடுகிறது. அந்த ஒன்றை மட்டும் எடுத்து அச்சிட்டு, மற்றப் பத்தொன்பதையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டால், படிக்கிறவன் கண்ணுக்குத் தெரிவது "நூற்றில் ஐந்து" என்ற அந்தப் பழைய எண்ணே. அன்றியும், தற்செயல் எந்த இடத்தில் எண்களை அதிகமாகத் தள்ளிற்றோ அந்த இடத்தையே நாம் தேர்ந்தெடுப்பதால், பயனின் அளவும் உள்ளதைவிடப் பெரிதாகவே தெரியும். கருதுகோளை நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே தற்செயல் மறுபடியும் சாட்சிக் கூண்டில் ஏறி, அந்தக் கருதுகோளுக்கு ஆதரவாகச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது.

இதைப் பரிகாசமாகவும் ஒரு தடவை உலகுக்குக் காட்டினார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்து, ஐந்து வார காலத்தில் இருதய, ரத்தக் குழாய்க் கோளாறுகளால் நேர்ந்த மரணங்களை எண்ணிய 'ஐசிஸ்-2' என்ற பெரும் பரிசோதனை 1988இல் லான்செட் பத்திரிகையில் வெளியாயிற்று. 17,187 நோயாளிகள் சேர்ந்த அதில், வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 11.8 பேரும், ஆஸ்பிரின் உண்டவர்களில் 9.4 பேரும் இறந்தார்கள். ஆஸ்பிரினின் பயன் சந்தேகத்துக்கு இடமின்றி நிலைபெற்றது. ஆயினும், எந்தெந்த வகுப்பாருக்கு எவ்வளவு பயன் என்று கூறு போட்டுப் பார்க்கும் ஆசை எவ்வளவு ஆபத்தானது என்பதை உணர்த்துவதற்காக, ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளைப் பிறந்த ராசிப்படியும் பிரித்து அதே கட்டுரையில் அச்சிட்டார்கள். மிதுன ராசிக்காரரும் துலாம் ராசிக்காரரும் ஆஸ்பிரினால் சிறிது கெடுதலே அடைந்ததாகத் தெரிந்தது: வெற்று மாத்திரை உண்டவர்களில் 10.2, ஆஸ்பிரின் உண்டவர்களில் 11.1. மற்றப் பத்து ராசிக்காரர்களிடம் 12.1 ஆக இருந்த மரண விகிதம் ஆஸ்பிரினால் 9.0 ஆகக் குறைந்தது.

(அவர்கள் எடுத்துக்கொண்டது பிறந்த தேதியைக் கொண்டு மேல்நாட்டார் சொல்லும் ராசி, சந்திரன் நின்ற இடத்தைக் கொண்டு நாம் சொல்லும் ராசியன்று. அம்முறையில் பிரித்திருந்தால் வேறு இரண்டு ராசிக்காரர்கள் அகப்பட்டிருப்பார்கள்.) மிதுனமும் துலாமும் வாயு ராசிகள் என்று ஜோதிடம் சொல்லும்; நெஞ்சு வலியை வாயுப் பிடிப்பு என்று சொல்லும் வழக்கமும் நம்மிடம் உண்டு; இவ்விரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு சித்தாந்தத்தைக் கட்டிவிட ஒரு மாலைப்பொழுது போதும். கும்பமும் வாயு ராசிதானே, அது ஏன் விலக்கப்பட்டது என்று யாராவது கேட்டால்தான் சங்கடம். எண்கள் விலக்கின என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. பன்னிரண்டு ராசிகளில் இரண்டிரண்டாக எடுத்தால் 66 ஜோடிகள் கிடைக்கும். அவற்றில் மிக மோசமான ஜோடியைப் பார்த்த பிறகு பெயர் சொன்னார்கள், அவ்வளவே. ராசி என்றதும் சிரிக்கிற நாம், ராசி இருந்த இடத்தில் அழற்சிப் பொருளை வைத்தால் சிரிப்பதில்லை. விளக்கத்தின் மதிப்பு உயர்ந்தது உண்மைதான், ஆனால் அந்த எண்களின் சாட்சிய பலம் அதனால் உயரவில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடு கேட்பது முறை. பொருளாதார நிபுணர் கெயின்ஸ், நிகழ்தகவைப் பற்றி 1921இல் வெளியிட்ட நூலில், முன்கூட்டிச் சொல்வதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு என்பது வெறும் கற்பனை என்றே கூறினார். சாட்சியத்துக்கும் கருதுகோளுக்கும் உள்ள தொடர்பு தர்க்கத் தொடர்பு. அதில் எது முந்தியது என்பதற்கு இடமில்லை. இதை நான் மறுக்கவில்லை. காலம் ஒன்றும் மந்திரம் செய்துவிடுவதில்லை. எத்தனை கருதுகோள்களிலிருந்து இந்த ஒன்று பொறுக்கப்பட்டது என்பதும், எண்கள் வேறு விதமாக வந்திருந்தால் வேறு எதைச் சொல்லியிருப்போம் என்பதும் முழுமையாகத் தெரிந்தால், அவற்றைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, பின்னால் பிறந்த கருதுகோளையும் நியாயமாக எடைபோடலாம். ஆனால் அவ்விரண்டும் ஒருபோதும் நமக்குத் தெரிவதில்லை; ஆராய்ச்சியாளனுக்கே தெரிவதில்லை, ஏனெனில் கண்ணை ஓட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்ட அட்டவணைகளை எவனும் எண்ணி வைப்பதில்லை. முன்கூட்டி எழுதி வைப்பதன் பிரயோஜனம் இவ்வளவுதான்: எண்ண முடியாத அந்தத் தொகையை அது ஒன்றாகக் குறைத்துவிடுகிறது. கெயின்ஸ் சொன்னது இலட்சிய தர்க்கம். நம்முடைய வழக்கோ, சாட்சியத்தைப் பொறுக்கி எடுத்தவனே வந்து சாட்சியம் சொல்லும் வழக்கு.

இதைவிடப் பெரிய குற்றம் எழுத்தில் நடக்கிறது. உளவியலாளர் டாரில் பெம் 1987இல் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு எழுதிய யோசனையில், ஆய்வைத் தொடங்கும்போது எழுத நினைத்த கட்டுரையை விட்டுவிட்டு, முடிவுகளைப் பார்த்த பின் எந்தக் கட்டுரை பொருத்தமாக இருக்கிறதோ அதையே எழுதும்படி சொன்னார். அப்படி எழுதும்போது முன்னுரையும் மாறிவிடுகிறது. பிந்தி வந்த எண்ணம் முந்தி வந்ததாக வேஷம் தரிக்கிறது. 1998இல் நார்பர்ட் கெர் இவ்வழக்கத்துக்குத் தனிப்பெயரே சூட்டி, இதனால் விளையும் கேடுகளை விரிவாக எழுதினார். தரவில் எதிர்பாராத ஒன்றைக் கண்டு வியப்பதிலோ, அதிலிருந்து புதிய எண்ணம் கொள்வதிலோ ஒரு பாவமும் இல்லை. கண்டுபிடிப்புகளில் பல அப்படி ஆரம்பித்தவையே. அந்த எண்ணத்தைப் பெற்றெடுத்த தரவையே அதற்குப் பரீட்சையாகவும் காட்டுவதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

காலம் முக்கியமன்று என்பவர்களுக்கு ஒரு கணக்கை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். அமெரிக்க அரசின் தேசிய இருதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனத்தின் பண உதவியால் நடந்த பெரிய பரிசோதனைகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2015இல் வெளியாயிற்று. 2000ஆம் ஆண்டுக்கு முன் வெளியான 30இல் 17 பரிசோதனைகள் சிகிச்சையால் நன்மை என்று முடிந்திருந்தன. எந்த விளைவை முதன்மையாக அளக்கப் போகிறோம் என்பதைப் பொதுப் பதிவேட்டில் முன்னதாகவே எழுதிவிடும் வழக்கம் வந்த பிறகு வெளியான 25இல் அப்படி முடிந்தவை இரண்டே. இவ்வளவு வீழ்ச்சிக்கும் பதிவேடு ஒன்றே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. அடிப்படைச் சிகிச்சை மேம்பட்டது என்பது போன்ற வேறு காரணங்களையும் ஒருவர் சொல்லலாம். அவற்றையும் பரிசோதிக்கட்டும்; ஆனால், எந்தக் காரணத்தைப் பரிசோதிக்கப் போகிறார்கள் என்பதை முதலில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.